பகிர்ந்த தலைப்பைத் திருத்துவது: சிங்கப்பூரின் சிறிய தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு மூன்று வழிகள்

மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்தும் தமிழ்ச் செய்தித் தளங்களிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. செய்தி வெளியானதும் தலைப்பு தானாகவே டெலிகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் எக்ஸ் தளத்துக்கும் போக வேண்டும். அதற்கு எந்த ஏற்பாடு நல்லது? கேட்பவர்கள் வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் ஏற்கெனவே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தவறான தலைப்பு போய்விட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அனுப்புகிற வேலையை எல்லாக் கருவிகளும் செய்கின்றன. அனுப்பியதைத் தேடி எடுத்துத் திருத்துவதில்தான் அவை வேறுபடுகின்றன.

தளத்தில் இருக்கும் செய்தியைத் திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் பெருவிரைவு ரயிலில் நின்றபடி கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகிறவர் தலைப்பை மட்டும்தான் படிக்கிறார். தங்கும் விடுதியில் இருக்கும் ஊழியருக்கு அதே தலைப்பு வாட்ஸ்அப் குழு வழியாக வருகிறது. இருவரும் தளத்துக்கு வருவதே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை பகிரப்பட்ட தலைப்புதான் செய்தி.

## ஒரு தலைப்பு, ஒரு தவறு

கட்டுரை முழுவதும் துணைக்கு வர ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை காவடிகள் செல்லும் பாதையில் சாலை மூடல் பற்றி ஆங்கில அறிக்கை வருகிறது. ஞாயிறு அதிகாலை 12 மணி முதல் என்பது அதன் பொருள். அதாவது சனிக்கிழமை இரவு முடியும் நேரம். நம் தளத்தில் வியாழக்கிழமை காலை 9.40க்கு வெளியாகும் தலைப்போ இப்படி இருக்கிறது: "தைப்பூசம்: சிராங்கூன் சாலையின் ஒரு பகுதி ஞாயிறு நள்ளிரவு முதல் மூடப்படும்."

இதைப் படிப்பவர் ஞாயிறு இரவு என்றே எடுத்துக்கொள்வார். ஒரு நாள் முழுதாகத் தள்ளிப்போய்விட்டது. வாகனத்தில் பால்குடத்துடன் வரும் குடும்பம் மூடிய சாலையின் முன்னால் நிற்கும். 10.25க்கு ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறார். அதற்குள் தலைப்பு டெலிகிராம் சேனல், ஃபேஸ்புக் பக்கம், எக்ஸ் கணக்கு ஆகிய மூன்றுக்கும் தானாகப் போயிருக்கிறது; வாட்ஸ்அப் சேனலில் துணையாசிரியர் கையால் போட்டிருக்கிறார். தலைப்பை எழுத்தாகப் பதித்த செய்தி அட்டை ஒன்றும் அவற்றுடன் போயிருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், தவறு தெரிந்த நிமிடத்திலிருந்து எல்லாப் பகிர்வுகளும் சரியாகும் நிமிடம்வரை எவ்வளவு நேரம், எத்தனை கைகள் தேவை என்பது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருவர் மட்டும் பணியில் இருக்கும்போதும் அது நடக்க வேண்டும்.

இரண்டாவது, தவறானதைப் படித்துவிட்டவருக்குத் திருத்தம் போய்ச் சேருகிறதா என்பது. பழைய பதிவைத் திருத்தினால் இனிமேல் படிப்பவருக்கு மட்டுமே பயன். ஏற்கெனவே படித்தவர் அங்கே திரும்பி வரமாட்டார். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல செய்தியறைகள் "மாற்றிவிட்டோம்" என்று சொல்லி நிம்மதியடைந்துவிடுகின்றன.

மூன்றாவது, பழைய சொற்கள் எங்காவது தங்கிவிடுகின்றனவா என்பது. நேரத் தவறில் இது பெரிய விஷயம் இல்லை. நீதிமன்ற வழக்கில் வெளியிடக்கூடாத பெயராக இருந்தால் இதுவே முதல் விஷயமாகிவிடும். நான்காவது, பணமும் பராமரிப்பும்.

## நான்கு தளங்கள், நான்கு விதிகள்

எந்த ஏற்பாட்டை எடுத்தாலும் கீழே உள்ள எல்லைகளுக்குள்தான் அது இயங்கும். அதனால் வழிகளுக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

| தளம் | பதிவைத் திருத்த முடியுமா | எது தங்கிவிடுகிறது |
|---|---|---|
| டெலிகிராம் சேனல் | முடியும். பாட் எனும் தானியங்கிக் கணக்கு தான் போட்ட பதிவைப் பின்னரும் திருத்தலாம். "திருத்தப்பட்டது" என்ற குறி வரும், அறிவிப்பு வராது | மற்றவர்கள் முன்னனுப்பிய நகல்கள் |
| ஃபேஸ்புக் பக்கம் | வாசகத்தைத் திருத்தலாம். பதிவிட்ட அதே செயலியால் மட்டுமே நிரல்வழி திருத்த முடியும் | திருத்த வரலாறு, பழைய இணைப்பு முன்னோட்டம் |
| எக்ஸ் | சாதாரணக் கணக்கில் முடியாது, கட்டணக் கணக்கில் முதல் ஒரு மணி நேரம் மட்டும் | திருத்தினால் பழைய வடிவமும் தெரியும், படம்பிடித்தவை |
| வாட்ஸ்அப் சேனல் | கையால் 30 நாள்வரை | குழுக்களுக்குப் போன நகல்களும் அவற்றில் பதிந்த முன்னோட்டமும் |

இதில் அதிகம் குழப்புவது இணைப்பு முன்னோட்டம். செய்தியின் இணைப்பைப் பகிரும்போது கீழே தெரியும் படமும் தலைப்பும் பக்கத்தின் `og:title`, `og:image` குறிச்சொற்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஃபேஸ்புக் அவற்றை ஒருமுறை எடுத்துத் தன்னிடம் சேமித்துவைக்கிறது. தளத்தில் தலைப்பை மாற்றியபின் அந்த இணைப்பை வாசகர் ஒருவர் புதிதாகப் பகிர்ந்தாலும் பழைய தலைப்பே வரக்கூடும். ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் இணைப்பைக் கொடுத்து `Scrape Again` அழுத்தினால் புதியது எடுக்கப்படும். அதுவும் இனிவரும் பகிர்வுகளுக்குத்தான் உறுதி. ஏற்கெனவே போட்ட பதிவைத் திறந்து தனியாகப் பார்த்தே ஆகவேண்டும். டெலிகிராமில் இதே வேலையை `@WebpageBot` செய்கிறது. வாட்ஸ்அப்பில் முன்னோட்டத்தை உருவாக்குவது அனுப்புகிறவரின் கைப்பேசி. அனுப்பிய நொடியிலேயே அது செய்தியோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு நம் பக்கத்தில் என்ன மாற்றினாலும் அதைத் தொட முடியாது.

செய்தி அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணைக் கவரும் என்பதற்காகத் தலைப்பைப் படத்தின் மேல் எழுதிப் பகிர்வது தமிழ்த் தளங்களில் வழக்கமாகிவிட்டது. படத்துக்குள் போன எழுத்தைத் திருத்துவதென்றால் புதிய படம் செய்ய வேண்டும். டெலிகிராமில் பழைய படத்தின் இடத்தில் புதியதை வைக்கலாம். இன்ஸ்டகிராமில் குறிப்பு வாசகத்தை மட்டும்தான் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. `og:image` ஆகப் பயன்படும் படத்தை அதே கோப்புப் பெயரில் ஏற்றினால் சேமிப்பில் இருக்கும் பழைய படமே தொடர்ந்து வரும். கோப்புப் பெயரையே மாற்ற வேண்டும். நேரம், தேதி, தொகை, பெயர் ஆகிய நான்கையும் அட்டையில் எழுதாமல் பதிவின் வாசகத்தில் மட்டும் வைப்பது நல்ல பழக்கம். தவறு நேர்வதும் பெரும்பாலும் இந்த நான்கில்தான்.

## வழி 1: செய்தியோடையைச் சேவை ஒன்றுடன் இணைத்துவிடுவது

பெரும்பாலானோர் தொடங்குவது இங்கேதான். தளத்தின் ஆர்எஸ்எஸ் செய்தியோடையை வெளிச் சேவை ஒன்று குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கிறது. புதிய உருப்படி இருந்தால் தலைப்பையும் இணைப்பையும் பகிர்கிறது. அமைக்க ஒரு மாலைப்பொழுது போதும். தொழில்நுட்பம் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

புதியது எது என்பதை அந்தச் சேவை ஓடையில் உள்ள `guid` என்ற அடையாளத்தை வைத்தோ இணைப்பை வைத்தோ முடிவு செய்கிறது. திருத்தத்தின்போது வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த இடத்திலிருந்தே கிளம்புகின்றன. தலைப்பை மட்டும் மாற்றினால் அடையாளம் மாறாது. சேவைக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. பகிர்ந்த பழைய தலைப்பு அப்படியே நிற்கும். மாறாக, இணைப்பில் இருக்கும் சொற்களையும் சேர்த்து மாற்றினால், இணைப்பை வைத்துப் பார்க்கும் சேவை அதைப் புதிய செய்தி என்று நினைத்து மறுபடியும் பகிரும். இப்போது டெலிகிராமில் "ஞாயிறு நள்ளிரவு" என்று ஒரு பதிவும் "சனி நள்ளிரவு" என்று இன்னொரு பதிவும் மேலும் கீழுமாக நிற்கும். எது சரி என்று வாசகருக்கு யார் சொல்வது? ஒரே ஒரு தவறான தலைப்பை விட இது மோசம்.

வேர்ட்பிரஸ் தளங்களில் `guid` பொதுவாக `?p=1234` என்ற எண் வடிவில் இருக்கும். இணைப்புச் சொற்களை மாற்றினாலும் அது மாறாது. உங்கள் சேவை `guid`ஐப் பார்க்கிறதா, இணைப்பைப் பார்க்கிறதா என்பதைச் சோதனைச் செய்தி ஒன்றை வைத்து முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இணைப்பைப் பற்றி இன்னொன்று. தலைப்பிலிருந்து தமிழிலேயே இணைப்பு உருவாக விடும் தளங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் இணைப்பில் `%E0%AE%95` போல ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. வேர்ட்பிரஸ் அந்த விரிந்த வடிவத்தை 200 எழுத்துகளுக்குள் வெட்டிவிடுவதால் ஏறக்குறைய 22 குறியீடுகளே மிஞ்சும். தலைப்பின் முதல் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் இணைப்பில் நிற்கும். அந்தச் சொற்களில் தவறோ வெளியிடக்கூடாத பெயரோ இருந்தால், தலைப்பைத் திருத்தியபின்னும் இணைப்பு அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். எண்ணை மட்டும் கொண்ட இணைப்பு அமைப்புக்கு மாறிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது, பதிவைப் போட்டது அந்தச் சேவையின் செயலி என்பது. ஃபேஸ்புக்கில் ஒரு செயலி போட்ட பதிவை வேறொரு செயலியால் திருத்த முடியாது. பின்னாளில் நீங்களே ஒரு நிரல் எழுதிக்கொண்டாலும், அந்தப் பழைய பதிவுகளைக் கையால்தான் திருத்த வேண்டும். டெலிகிராம் பாட்டும் தான் போட்ட பதிவைத்தான் இயல்பாகத் திருத்தும். மற்றதற்குச் சேனலில் தனி அனுமதி கொடுக்க வேண்டும்.

சேவை சற்று மெதுவாக ஓடையைப் பார்ப்பதில் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. வெளியிட்ட சில நிமிடங்களுக்குள் தவறைக் கண்டு திருத்திவிட்டால், சரியான தலைப்பே பகிரப்படும். ஆனால் அடுத்த பார்வை ஒரு நிமிடத்தில் வருமா, அரை மணி நேரத்தில் வருமா என்று உங்களுக்குத் தெரியாது. தற்செயலை நம்பி வேலை முறையை அமைக்கக்கூடாது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? நாளுக்கு நான்கைந்து செய்திகளுக்குமேல் வெளியிடாத, கோயில் நிகழ்ச்சி, நூல் வெளியீடு, சமூக மன்ற அறிவிப்பு போன்றவற்றையே அதிகம் எழுதும் தளத்துக்கு இது போதும். அவர்கள் தவறு நேரும்போது நான்கு கைப்பேசிச் செயலிகளைத் திறந்து கையால் திருத்தலாம். நீதிமன்றச் செய்தியும் அரசாங்கக் கொள்கைச் செய்தியும் எழுதுபவர்கள் இங்கேயே நின்றுவிடக்கூடாது.

## வழி 2: சற்று நிறுத்திவைத்துப் பகிர்வது

செய்தி தளத்தில் வெளியான பின் பத்து அல்லது பதினைந்து நிமிடம் கழித்தே பகிர்வு போகிறது. அந்த இடைவெளியில் எழுதியவர் அல்லாத இன்னொருவர் தலைப்பை மட்டும் படிக்கிறார். சிலர் அவர் "சரி" என்று அழுத்தினால்தான் போகும்படி வைத்திருக்கிறார்கள்.

எழுத்துப் பிழைகளையும் நாள், நேரத் தவறுகளையும் பிடிப்பதில் இதற்கு ஈடில்லை. நம் உதாரணத்தில் அறிக்கையை இரண்டாவது முறை பக்கத்தில் வைத்துப் படிக்கும் யாரும் ஞாயிறு, சனி குழப்பத்தைக் கவனித்திருப்பார்கள். திருத்தமே தேவைப்படாத திருத்தம் இதுதான்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல சேவைகள் தலைப்பை வரிசையில் சேர்க்கும் நேரத்திலேயே படியெடுத்து வைத்துக்கொள்கின்றன. 9.40க்கு வரிசையில் போன தலைப்பை 9.46க்குத் தளத்தில் திருத்துகிறீர்கள், 9.52க்குப் பகிரப்படுவது 9.40இன் தலைப்பு. செய்தியறையோ இடைவெளிக்குள் பிடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். அனுப்பும் நொடியில் தலைப்பைத் தளத்திலிருந்து புதிதாக எடுக்கும் ஏற்பாடு மட்டுமே இங்கு பயன்படும். சோதித்துப் பார்ப்பது எளிது: சோதனைச் செய்தி ஒன்றை வெளியிட்டு, இடைவெளிக்குள் அதன் தலைப்பில் ஓர் எண்ணை மாற்றுங்கள், எந்த எண் போகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது செலவு மனிதருடையது. இரவு பத்து மணிக்கு ஒருவர் மட்டும் பணியில் இருந்தால் எழுதியவரே "சரி" அழுத்துவார். அப்போது அந்தப் பதினைந்து நிமிடம் வெறும் தாமதம்தான். கிழக்கு மேற்குத் தடத்தில் ரயில் நின்றுவிட்டது என்ற செய்தியைப் பதினைந்து நிமிடம் பிடித்துவைப்பதிலும் அர்த்தமில்லை. ஆகவே எல்லாச் செய்திக்கும் ஒரே இடைவெளி வைக்க வேண்டாம். ரயில், வானிலை, விபத்தால் சாலை நெரிசல் ஆகியவை உடனே போகட்டும். நீதிமன்றம், மரணம், வேலை அனுமதி, மத்திய சேமநிதி ஆகிய பகுதிகள் இன்னொருவர் பார்க்காமல் போகவே வேண்டாம். அவர் மறுநாள் காலையில்தான் வருவார் என்றாலும் பகிர்வு காத்திருக்கட்டும்.

இந்த வழி தவறுகளைக் குறைக்கிறது. போய்விட்ட தவறைப் பற்றி எதுவும் செய்வதில்லை. 10.25க்கு வாசகர் அழைக்கும்போது, இதை மட்டும் வைத்திருப்பவரும் வழி 1இல் இருப்பவரைப் போலவே ஒவ்வொரு செயலியாகத் திறந்து தேடத்தான் வேண்டும்.

## வழி 3: பதிவு எண்ணைக் குறித்துவைக்கும் சிறு நிரல்

எந்தத் தளத்தில் எதைப் பகிர்ந்தாலும் அந்தத் தளம் பதிலாக ஓர் எண்ணைத் தருகிறது. நிரல்வழி அந்தப் பதிவை மீண்டும் பிடிக்க அந்த எண்தான் ஒரே வழி. வெளிச் சேவைகள் பெரும்பாலும் அதை நம்மிடம் தருவதில்லை. நாமே பகிர்ந்தால் அதை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். பதிவேடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சிறிய அட்டவணை போதும்:

```
article_id | platform | post_id | title_shared | shared_at | state
8812       | telegram | 4127    | ...          | 09:41     | live
8812       | facebook | ...     | ...          | 09:41     | live
8812       | x        | ...     | ...          | 09:42     | live
```

செய்தியை வெளியிடும்போது நிரல் முதலில் பதிவேட்டைப் பார்க்கிறது. 8812 ஏற்கெனவே பகிரப்பட்டிருந்தால் மறுபடி பகிராது. இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். பதற்றத்தில் செய்தியை வரைவு நிலைக்கு இறக்கித் திருத்தி மீண்டும் வெளியிடுவது எல்லாச் செய்தியறைகளிலும் நடக்கிறது. வேர்ட்பிரஸில் `transition_post_status` வழியாக இயங்கும் நிரல் அதைப் புதிய வெளியீடாகவே எடுத்துக்கொள்ளும்.

திருத்தத்தின்போது செய்தியாசிரியர் தலைப்பை மாற்றிச் சேமிக்கிறார். `title_shared` இல் இருப்பதும் புதிய தலைப்பும் வேறுபடுவதைக் கண்டு நிரல் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: எழுத்துப் பிழையா, தகவல் தவறா, அகற்ற வேண்டியதா? பதிலைப் பொறுத்து ஒவ்வொரு தளத்திலும் செய்ய வேண்டியதைச் செய்கிறது. டெலிகிராமில் அந்த வேலை இவ்வளவுதான்:

```
curl "https://api.telegram.org/bot$TOKEN/editMessageText" \
  -d chat_id=@yourchannel \
  -d message_id=4127 \
  --data-urlencode text@fix.txt
```

படத்துடன் போன பதிவுக்கு `editMessageText` வேலை செய்யாது. `there is no text in the message to edit` என்று பதில் வரும். அதற்கு `editMessageCaption`, படத்தையே மாற்ற `editMessageMedia`. ஆகவே பதிவேட்டில் படப் பதிவா, வெறும் வாசகமா என்பதையும் குறித்துவைப்பது நல்லது. அதே வாசகத்தை மீண்டும் அனுப்பினால் `message is not modified` என்று வரும். அது பிழை இல்லை, வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ் தளத்தில் தகவல் தவறு என்றால், என் பரிந்துரை: தவறான பதிவின்கீழ் மறுமொழியாகத் திருத்தத்தை முதலில் போட்டு, பிறகு தவறானதை நீக்குவதல்ல, திருத்தத்தைத் தனிப் பதிவாகப் போட்டுவிட்டுத் தவறானதை நீக்குவது. மறுமொழியாகப் போட்டால் மூலப் பதிவு போனபின் திருத்தம் தலையில்லாமல் நிற்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் அங்கே ஓர் எழுத்தாகவும் இணைப்பு 23 எழுத்தாகவும் எண்ணப்படும். "கொ" இரண்டு குறியீடு. சாதாரணக் கணக்கின் 280இல் திருத்த வாசகம் தாராளமாக அடங்கும்.

மறைந்திருக்கும் செலவு பராமரிப்பு. ஃபேஸ்புக் டோக்கன் காலாவதியாகும். எக்ஸ் தளத்தின் நிரல்வழிக் கட்டணமும் வரம்பும் அடிக்கடி மாறும். இவை நின்றுபோனது யாருக்கும் தெரியாமல் நாள்கள் ஓடும். பகிர்வு தோற்றால் செய்தியறையின் தனிக் குழுவுக்கு ஒரு வரி வரும்படி செய்யாமல் இதைத் தொடங்கக்கூடாது. நிரலை எழுதியவர் வேறு வேலைக்குப் போனபின் அதைத் திறந்து பார்க்க இன்னொருவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆள் இல்லாத இடத்தில் வழி 3 நிலைக்காது.

வாட்ஸ்அப் சேனல் இந்த ஏற்பாட்டுக்குள் வராது. 2023 ஜூனில் சேனல் வசதி முதலில் தொடங்கப்பட்ட இரண்டு நாடுகளில் சிங்கப்பூர் ஒன்று. நம் வாசகர்களில் பலர் அங்கே இருக்கிறார்கள். ஆனால் சேனலில் தானாகப் பதிவிட வாட்ஸ்அப் அதிகாரபூர்வ வழி எதையும் திறந்துவிடவில்லை. செய்துதருகிறோம் என்று சொல்லும் கருவிகள் நிறுவனத்தின் எண்ணையே முடக்கத்துக்கு ஆளாக்கக்கூடியவை. அங்கே கையால் போட்டு, பதிவேட்டிலும் கையால் ஒரு வரி சேர்ப்பதே சரி. திருத்தம் வரும்போது "வாட்ஸ்அப்பில் கையால் திருத்தவும்" என்று நிரல் நினைவூட்டினால் போதும்.

## 10.25க்குப் பிறகு

அதே தைப்பூசத் தலைப்பு மூன்று ஏற்பாடுகளிலும் எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

| | வழி 1 | வழி 2 மட்டும் | வழி 3 |
|---|---|---|---|
| தவறு வெளியே போகும் வாய்ப்பு | அதிகம் | குறைவு | இடைவெளி சேர்க்காவிட்டால் அதிகம் |
| பழைய பதிவுகளைக் கண்டுபிடிப்பது | ஒவ்வொரு செயலியிலும் தேட வேண்டும் | அதேபோல் | பதிவேட்டில் உடனே |
| ஒருவர் மட்டும் பணியில் இருக்கும்போது | ஏதாவது ஒரு தளம் விடுபடும் | அதேபோல் | வாட்ஸ்அப் தவிர மற்றவை ஒரே வேளையில் |
| படித்தவருக்குத் திருத்தம் | நினைவிருந்தால் தனிப் பதிவு | நினைவிருந்தால் தனிப் பதிவு | தகவல் தவறு என்றால் தானாகவே தனிப் பதிவு |
| பராமரிப்பு | சேவைக் கட்டணம் | சேவைக் கட்டணம், இன்னொரு ஆளின் நேரம் | நிரல் தெரிந்தவரின் நேரம் |

படித்தவருக்குத் திருத்தம் என்ற வரிசையைக் கவனியுங்கள். டெலிகிராமில் பழைய பதிவைத் திருத்தினால் அறிவிப்பு எதுவும் போகாது. 9.41க்குப் படித்தவர் தவறான நாளையே நம்பிக்கொண்டிருப்பார். எனவே பழையதைத் திருத்துவதும் புதிதாக ஒன்று போடுவதும் இரண்டும் வேண்டும். புதிய பதிவில் சரியான தகவல் முதலில் வரட்டும். பழைய தவறான தலைப்பை முழுமையாக மறுபடி எழுத வேண்டாம், அதையே மீண்டும் பரப்பியதாகிவிடும். இப்படி எழுதலாம்:

"திருத்தம்: சிராங்கூன் சாலையின் ஒரு பகுதி சனிக்கிழமை இரவு 12 மணிக்கே மூடப்படும். இன்று காலை 9.40க்கு நாங்கள் வெளியிட்ட தலைப்பில் நாள் தவறாக இருந்தது. குழுக்களில் பகிர்ந்திருந்தால் இதையும் பகிருங்கள்."

கடைசி வாக்கியத்தை வெறும் மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. நாம் எட்ட முடியாத நகல்கள் எல்லாம் வாசகர்களின் குழுக்களில்தான் இருக்கின்றன. அங்கே திருத்தத்தைக் கொண்டுசேர்க்க அவர்களால் மட்டுமே முடியும். எழுத்துப் பிழைக்கு இவ்வளவும் வேண்டாம். "சிராங்கூன்" என்பதில் ஒற்று விடுபட்டதற்கெல்லாம் தனிப் பதிவு போட்டால், உண்மையான திருத்தத்தை யாரும் திறந்து படிக்கமாட்டார்கள்.

## திருத்தக்கூடாத திருத்தம்

சிலவற்றைத் திருத்தவே கூடாது, அகற்ற வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்திருக்கும் வழக்கில் பெயர் தலைப்பில் போய்விட்டால், ஃபேஸ்புக்கில் பெயரை அழித்துச் சேமிப்பது பயன்தராது. "திருத்த வரலாறு" என்பதைத் திறக்கும் எவருக்கும் பழைய வடிவம் தெரியும். எக்ஸ் தளத்திலும் அப்படித்தான். பதிவையே நீக்க வேண்டும். இணைப்பின் சொற்களில் பெயர் இருக்கிறதா, செய்தி அட்டையில் இருக்கிறதா, முன்னோட்டச் சேமிப்பில் இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இங்கே "திருத்தம்" என்று தனிப் பதிவு போடுவதும் தவறு. எதைத் தேட வேண்டும் என்று அதுவே சுட்டிக்காட்டிவிடும்.

இணையத்தில் பொய்த் தகவல் பரவுவதைத் தடுக்க 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பொஃப்மா சட்டம் இதற்கு நேர் எதிர்த்திசையில் இழுக்கிறது. அதன்கீழ் வரும் திருத்த உத்தரவு, சொல்லப்பட்ட பதிவுகளில் திருத்தக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லும். மூலப் பதிவு குறிப்புடன் அங்கேயே இருக்கலாம். பயத்தில் பதிவை நீக்கிவிடுவது உத்தரவை நிறைவேற்றியதாகிவிடும் என்று எண்ணக்கூடாது. உத்தரவில் எழுதியிருப்பதை எழுதியபடி செய்ய வேண்டும். நிறைவேற்றத் தவறும் தனிநபருக்கு 20,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அமைப்புகளுக்கு அபராதம் 500,000 வெள்ளிவரை. குறிப்பு எந்தெந்தப் பதிவில் சேர வேண்டும் என்று பார்க்கும் வேளையில், எதை எங்கே எந்த நேரத்தில் பகிர்ந்தோம் என்ற முழுப் பட்டியல் பதிவேட்டில் தயாராக இருக்கும். நீக்கும் எதையும் நீக்குவதற்கு முன் படம்பிடித்து, பதிவேட்டில் `state` மாற்றி, நேரத்தையும் எழுதிவைப்பது இரண்டு வகைக்கும் பொருந்தும்.

## யாருக்கு எது

நிரல் தெரிந்தவர் யாரும் இல்லாமல், நிகழ்ச்சிச் செய்திகளை மட்டும் வெளியிடும் தளம் வழி 1ஐ எடுக்கலாம். கூடவே ஒரு பகிர்தாளில் ஒவ்வொரு பகிர்வின் இணைப்பையும் ஒட்டிவைத்தால், வழி 3இன் பாதிப் பயன் செலவில்லாமல் கிடைக்கும். காலையும் மாலையும் இரண்டு பேராவது இருக்கும் செய்தியறை வழி 2ஐப் பகுதிவாரியாக அமைக்கலாம். வேலை அனுமதி, வாடகை, நீதிமன்றம் என்று வாசகரின் வாழ்க்கையில் நேரடியாகக் கைவைக்கும் செய்திகளை அன்றாடம் எழுதுபவர்களுக்கு வழி 3தான். அத்துடன் நீதிமன்றம், மரணம் ஆகிய பகுதிகளுக்கு வழி 2இன் இடைவெளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியும் என்றால் பதிவேட்டை முதலில் செய்யுங்கள். இடைவெளியை எந்த நாளும் சேர்க்கலாம். குறித்துவைக்காத பதிவு எண்களைப் பின்னர் சேர்ப்பது கடினம்.

ஏற்கெனவே வழி 1இல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் மாறும்போது பழைய பகிர்வுகள் அனைத்தையும் பதிவேட்டில் ஏற்ற முயல வேண்டாம். கடந்த ஒரு மாதத்துச் செய்திகள் போதும். டெலிகிராமில் பதிவின் இணைப்பை நகலெடுத்தால் `t.me/yourchannel/4127` என்று கடைசியில் வருவதே பதிவு எண். எக்ஸ் தளத்திலும் இணைப்பின் கடைசி எண்தான். ஃபேஸ்புக்கில் பழைய சேவை போட்டவற்றுக்கு எண்ணைவிடப் பதிவின் இணைப்பை எழுதிவைப்பதே பயன்படும், ஏனென்றால் அவற்றைக் கையால்தான் திருத்தப்போகிறீர்கள். புதிய நிரல் பகிரத் தொடங்கும் அதே நாளில் பழைய சேவையின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை போகும்.